‘சாப்டீங்களா’, ‘போயிட்டு வரேன்’: வேற்று மொழியில் பேசும்போது நேரும் தவறுகள்

நவம்பர் மாத நடுவில் சென்னையில் இரவு ஒன்பது மணி என்றால் நியூயார்க்கில் காலை பத்தரை. வாராந்தரக் கூட்டத்துக்காக இரு பக்கத்திலும் ஆட்கள் இணைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் வரும்வரை இரண்டு நிமிடம் பேச வேண்டும். சென்னைக்காரர் பரிவோடு ஆங்கிலத்தில் கேட்கிறார்: “சாப்பிட்டீர்களா?” அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு, “இல்லையே, இன்னும் மதியம் ஆகவில்லையே. ஏன், கூட்டம் நீளுமா?” என்று பதில் வருகிறது.

யாரும் கோபப்படவில்லை, யாருக்கும் மனம் நோகவும் இல்லை. ஆனாலும் கேட்டவர் கொடுக்க நினைத்தது போய்ச் சேரவில்லை. அந்த அமெரிக்கரின் ஊரில் ஒருவர் “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று பொருள். சேர்ந்து சாப்பிடக் கூப்பிடலாம், அல்லது சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஒரு வேலை சொல்லலாம். அடுத்து ஒன்றுமே வராவிட்டால், இவர் ஏன் கேட்டார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். நம்மவர் விடாமல் “என்ன சாப்பிடப் போறீங்க?” என்று தொடர்ந்தால் இன்னும் சங்கடம். உடல் எடை, உணவுக் கட்டுப்பாடு, மத நம்பிக்கை எல்லாம் அவர்களுக்குச் சொந்த விஷயம். அறிமுகமில்லாதவர் தட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாகவே அது படும்.

இதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக நினைத்துவிட்டால் தீர்வு கிடைக்காது. சொற்கள் சரியாகவே பெயர்ந்திருக்கின்றன. போலந்தில் பிறந்த மானிடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தவர். மனிதர்கள் செய்தி சொல்வதற்காக மட்டுமன்றி, நமக்குள் பகை இல்லை, உறவு இருக்கிறது என்று காட்டிக்கொள்வதற்காகவும் பேசுகிறார்கள் என்று 1923இல் எழுதினார். “இன்று நல்ல வெயில்” என்று ஓர் ஆங்கிலேயர் சொல்வதும், “எங்கிருந்து வருகிறாய்?” என்று அந்தத் தீவுக்காரர் கேட்பதும் அவருக்கு ஒரே வேலையைச் செய்யும் பேச்சுகள். நம் “சாப்டீங்களா?”வும் “எங்க, கடைக்கா?”வும் அந்த இனம்தான். ஆகவே ஒரு முகமனைப் புதிய ஊருக்குக் கொண்டுபோகுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்: அங்கே இதற்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள், பதிலுக்குப் பின் என்ன நடக்கும்? நம் ஊரில் “ஆச்சு, நீங்க?” என்பதோடு முடிந்துவிடும். நியூயார்க்கில் அந்தக் கேள்விக்குத் தயாராக வைத்திருக்கும் பதில் கிடையாது. ஆகவே கேட்கப்பட்டவர் உண்மையாக யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

அந்த இரண்டு நிமிடத்தை நிரப்ப அவர்களிடம் வேறு கேள்விகள் உண்டு. திங்கட்கிழமை என்றால் வார இறுதி எப்படிப் போனது என்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் வார இறுதிக்கு என்ன திட்டம் என்பார்கள். மற்ற நாளில் அந்த ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். இவையும் உள்ளீடற்ற கேள்விகள்தானே என்று சிலருக்குத் தோன்றும். நம்முடையது மட்டும் அக்கறை, அவர்களுடையது சம்பிரதாயம் என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. தெருவில் எதிர்ப்படுபவரிடம் நாம் “சாப்டாச்சா?” என்று கேட்கும்போது, அவர் தட்டில் என்ன இருந்தது என்று நாமும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரவில் தனியாக அனுப்பும் குறுஞ்செய்திக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. வேலை தொடர்பான பேச்சு எதுவும் இல்லாமல் “டின்னர் ஆச்சா?” என்று ஓர் ஆண் சக ஊழியர் ஒரு பெண்ணுக்கு அனுப்பினால், அது தமிழிலேயே நெருங்கப் பார்ப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். “சாப்டியா?” என்ற செய்தி நம் இளைஞர்கள் நடுவே அந்தப் பொருளை எப்போதோ பெற்றுவிட்டது. வேற்று நாட்டுப் பெண்ணுக்கு அனுப்பும்போது, பண்பாடு என்ற விளக்கம் துணைக்கு வராது.

கேள்வி போலத் தோன்றும் அவர்களுடைய வணக்கம்

எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கிறது. அமெரிக்க அலுவலக நடைபாதையில் எதிரே வருபவர் “ஹவ் ஆர் யூ?” என்கிறார். நம்மவர் நின்று, இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருப்பதைச் சொல்லத் தொடங்கும்போது அவர் நான்கு அடி தாண்டிப் போயிருப்பார். அவர் கேட்டது உடல்நலம் பற்றி அல்ல. “குட், ஹவ் ஆர் யூ?” என்று நடந்துகொண்டே திருப்பிச் சொன்னால் கணக்கு நேராகிவிடும். இதில் திருப்பிக் கேட்கும் பாதியைத்தான் நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். “ஐ ஆம் ஃபைன்” என்று மட்டும் சொல்லி நிறுத்துவது, நாம் கேட்ட “நல்லாருக்கீங்களா?”வுக்கு ஒருவர் “ம்” என்று சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம்.

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும் நம் செவிலியர்களை அதிகம் குழப்புவது “யூ ஆல்ரைட்?” என்ற கேள்வி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலப்படி, முகம் வாடியிருப்பவரிடமோ தடுக்கி விழுந்தவரிடமோதான் அப்படிக் கேட்பார்கள். அங்கே வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா, சோர்ந்து தெரிகிறேனா என்று மனம் அலைபாய்கிறது. அது வெறும் காலை வணக்கம். “யா, யூ?” என்பதே போதுமான பதில். உண்மையிலேயே கவலையோடு கேட்கும்போது அதே சொற்கள் வேறு மாதிரி வரும். கேட்பவர் நின்றுவிடுவார், குரல் தாழும், “ஆர் யூ ஓகே?” என்று இரண்டாவது முறையும் கேட்பார். நின்று கேட்டால் உண்மைக் கேள்வி, நடந்துகொண்டே கேட்டால் வணக்கம் என்பது பல ஊர்களுக்கும் பொருந்தும் நல்ல அடையாளம்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. எப்படி இருக்கீங்க என்ற பொருளில் “வீ கேட்ஸ்?” என்று அறிமுகமானவர் கேட்டால், அமெரிக்கரைப்போல அவர் கடந்து போய்விடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. சுமாராக இருக்கிறேன், நேற்றுத் தூக்கமில்லை என்று ஒரு வாக்கியம் உண்மை சொன்னாலும் அங்கே அது அளவுமீறல் ஆகாது. கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் விழிப்பார்.

சாப்பாட்டுக் கேள்வி செல்லுபடியாகும் ஊர்கள்

கிழக்கே போனால் நம் கேள்விக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். மலாய்க்காரர் “டா மக்கான்?” என்பார். சீனரும் தாய்லாந்துக்காரரும் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார்கள். கொரியாவிலும் அப்படியே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று மொழியிலும் அதே கேள்வி அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இந்த ஒற்றுமையால் கவனம் தளரும்போதுதான் தவறு வருகிறது.

ரமலான் மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு மலாய் நண்பரிடம் “டா மக்கான்?” என்று பழக்கத்தில் கேட்டுவிடுவது அதில் முதன்மையானது. அவர் சிரித்துக்கொண்டே “நோன்பு” என்பார், பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். ஆனால் அந்த மாதத்துக்கென்றே ஒரு விசாரிப்பு இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, நோன்பு திறந்தாச்சா என்ற பொருளில் “டா புக்கா?” என்று கேட்கலாம். அதைக் கேட்டால் நீங்கள் நாளைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். நோன்பிருக்க முடியாத உடல்நிலையில் இருப்பவரும் உண்டு, பகலில் “நோன்புதானே?” என்று அழுத்திக் கேட்பது அவரை மாட்டிவிடும்.

கொரியரிடம் தவறு வருவது மரியாதை வடிவத்தில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் நாடகத் தொடர்களில் கேட்ட “பாப் மொகொஸ்ஸொ?”வை மேலதிகாரியிடம் சொல்லிவிடுகிறார்கள். அது நண்பனிடம் கேட்கும் “சாப்டியா?”. மேலதிகாரிக்கு “சிக்ஸா ஹஷ்யொஸ்ஸொயோ?” என்று வினை மட்டுமல்ல, சாப்பாட்டைக் குறிக்கும் பெயரே மாறிவிடும். ‘நீங்க’வும் ‘நீ’யும் உள்ள மொழியிலிருந்து போகும் நமக்கு இது புரியாத விஷயமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளாததுதான் குறை.

சீனரிடம் நேரம் பார்க்க வேண்டும். சாப்பாட்டு வேளையை ஒட்டி, தெரிந்தவரிடம், குடியிருப்பு வாசலிலோ அலுவலக மின்தூக்கியிலோ கேட்பதற்கே அது ஏற்றது. முதன்முதலாகச் சந்திக்கும் வணிகப் பங்காளியிடம் பிற்பகல் நான்கு மணிக்கு அதைச் சொன்னால், பழைய பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல் இருக்கும்.

நம் வீட்டு வாசலில்

நம்மிடம் வரும் வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் “சாப்டீங்களா?” எப்போதும் வெறும் வணக்கம் அல்ல, இடத்துக்கு இடம் எடை மாறும். தெருவிலும் தொலைபேசியிலும் கேட்டால் அது வணக்கம். வீட்டுப் படியேறி வந்தவரிடம் பகல் ஒரு மணிக்குக் கேட்டால் அது பாதி அழைப்பு. அந்த நேரத்தில் விருந்தாளி நேர்மையாக “இல்லை” என்று சொன்னால், அடுப்படியில் உள்ளவர் உலை வைத்தே ஆக வேண்டும். சாம்பார் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான்.

அதனால்தான் நாம் பசியோடு போனாலும் முதல் கேள்விக்கு “இப்பதான் சாப்ட்டு வந்தேன்” என்கிறோம். வீட்டுக்காரரும் அதை நம்புவதில்லை. “அட, ரெண்டு இட்லி சாப்டுங்க” என்று இரண்டாவது முறை கேட்கிறார். எழுந்து சமையலறைப் பக்கம் போகிறாரா, தட்டோ இலையோ எடுக்கிறாரா என்பதில் விடை இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டால் உங்கள் மறுப்பு ஏற்கப்பட்டது என்று பொருள். தமிழ்க் குடும்பத்தில் மணமுடித்து வரும் வேற்று மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கேட்பார்கள், மூன்றாவதற்குச் சொல்வதே பதில்.

இதே பழக்கத்தோடு நாம் அமெரிக்க வீட்டுக்குப் போனால் பசியோடு திரும்புவோம். “காபி?” என்று ஒரு முறை கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விருந்தாளியின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதே அங்கே மரியாதை. வேண்டுமென்றால் முதல் தடவையே “யெஸ், ப்ளீஸ்” என்று சொல்லிவிடுங்கள்.

முகமன் கேள்வி உண்மையான கேள்வியின் இடத்தில் வந்துவிட்டால் தொல்லை ஏற்படும் ஓர் இடம் உண்டு, அது ரத்தப் பரிசோதனை நிலையம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். அங்கே பணியாளர் பெரியவர் ஒருவரிடம் “ஐயா, சாப்டீங்களா?” என்று சிரித்தமுகத்தோடு கேட்டால், வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய “ஆச்சுங்க” வாய் தவறி வரலாம். அல்லது, டீயும் பன்னும் தின்றவர் சாப்பாடு என்றால் சோறுதானே என்று “இல்லீங்க” எனலாம். இரண்டிலும் முடிவு கெடும். “கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தன மணிக்கு?” என்று கேட்டால் பழக்கத்துப் பதில் வராது; அவர் யோசித்துத்தான் சொல்லியாக வேண்டும். மருத்துவர் “எப்படி இருக்கீங்க?” என்றதும் “நல்லாருக்கேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் பிறகு வலியைச் சொல்லத் தயங்குவதும் இதே வகை. “என்ன பண்ணுது?” என்று தொடங்கும் மருத்துவர்கள் இதை அறிந்தவர்கள்.

விடைபெறும்போது

வரும்போது சொல்வதைவிடப் போகும்போது சொல்வதில்தான் நம் மனத்தில் அச்சம் அதிகம். “போறேன்” என்று ஒரு தமிழர் சொன்னால் கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று அர்த்தம். சென்னையில் “போயிட்டு வரேன்”, யாழ்ப்பாணத்தில் “போட்டு வாறன்”; எங்கும் திரும்பி வருவதைச் சொல்லாமல் கிளம்புவதில்லை. சிங்களத்திலும் “கிஹின் என்னம்” என்று இதையேதான் சொல்கிறார்கள். வங்காளிகள் கிளம்பும்போது போவதைச் சொல்லவே மாட்டார்கள். “ஆஷி”, அதாவது வரேன் என்பதோடு சரி. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் இலக்கணப்படி “நான் போகிறேன்” என்று முடித்து வீட்டுக்காரர்களைத் திகைக்க வைப்பதுண்டு. வழியனுப்பும்போது “போங்க” என்றுவிட்டால் அதைவிடத் திகைப்பு.

ஆங்கிலத்தில் நாம் இதை அப்படியே “ஐ வில் கோ அண்ட் கம்” என்று சொன்னால், கேட்பவர் உங்களுக்காகக் காத்திருப்பார். பத்து நிமிடத்தில் திரும்புவீர்கள் என்றுதான் அவருக்குப் புரியும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது “ஸீ யூ” போதும். சந்திக்கும் நாள் உறுதி என்றால் “ஸீ யூ மண்டே”.

ஜப்பானியம் படிப்பவர்கள் “இத்தேகிமாஸ்” என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்துபோவார்கள். போய்விட்டு வருகிறேன் என்பதேதான், நம் “போயிட்டு வாங்க” போல “இத்தெராஷாய்” என்று பதிலும் உண்டு. ஆனால் அது தன் வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ கிளம்பி, அங்கேயே திரும்பப்போகிறவர் சொல்வது. நண்பர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வாசலில் “இத்தேகிமாஸ்” என்றால், இரவு படுக்க இங்கேயே வரப்போகிறாயா என்று அவர்கள் நினைப்பார்கள். விருந்தாளி சொல்ல வேண்டியது “ஒஜாமா ஷிமாஷிதா”. உங்கள் வீட்டில் வந்து தொந்தரவு செய்துவிட்டேன் என்று பணிவது. அலுவலகத்தில் மற்றவர்கள் வேலையில் இருக்க நீங்கள் வீட்டுக்குக் கிளம்பினால் “ஒசாகி நி ஷித்சுரெய் ஷிமாஸ்”, முன்னால் போவதற்கு மன்னிக்கவும் என்று சொல்ல வேண்டும். இருப்பவர்கள், உழைத்துக் களைத்திருப்பீர்கள் என்ற பொருளில் “ஒத்சுகாரெசாமா தேஷிதா” என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த “சயோனாரா” வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் அன்றாடம் சொல்வதல்ல. அதில் நீண்ட பிரிவின் சாயல் இருக்கிறது.

மலாயில் யார் போகிறார், யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். போகிறவருக்குச் சொல்வது “செலாமாட் ஜாலான்”. இருப்பவரைப் பார்த்துப் போகிறவர் சொல்வது “செலாமாட் திங்கால்”. விமான நிலையத்தில் நண்பரை வழியனுப்பும் நீங்கள் இரண்டாவதைச் சொன்னால் பயணம் உங்களுக்கு என்றாகிவிடும்.

நம் விடைபெறுதலில் ஒரு விலக்கு உண்டு, அது தெரியாமல் வெளியிலிருந்து வருபவர் மட்டுமல்ல, நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளும் தவறுகிறார்கள். துக்க வீட்டில் “வாங்க” என்று வரவேற்கவும் மாட்டார்கள், “போயிட்டு வரேன்” என்று சொல்லிக் கிளம்பவும் கூடாது. திரும்பி வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும் என்பது அச்சம். கையைப் பற்றிவிட்டு, பேசாமல் எழுந்து வருவதே முறை. சாவு வீட்டில் யாரும் விடைகொடுக்கவில்லையே என்று வருந்தும் வேற்று மாநில அலுவலக நண்பருக்கு, உடன் அழைத்துப்போகும் நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

தொலைபேசியில் முடிப்பது தனிக் கலை. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைபேசிப் பேச்சுகள் எப்படி முடிகின்றன என்பதை 1973இல் நுணுகி எழுதினார்கள். யாரும் சட்டென்று “பை” சொல்வதில்லை. அதற்கு முன் “ஓகே”, “வெல்” என்று இரு பக்கமும் ஒருமுறை வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார்கள். புதிதாக எதுவும் வரவில்லை என்றால்தான் முடிகிறது. நம்மிடம் அந்த வேலையைச் செய்பவை “சரி…”, “அப்புறம்?”, “வேற என்ன?”, கடைசியில் “வச்சிடட்டுமா?”. இந்த “அப்புறம்?”ஐ ஆங்கிலத்தில் “தென்?” என்றோ “வாட் எல்ஸ்?” என்றோ கேட்டால், சீக்கிரம் சொல்லி முடி என்று அதட்டுவதுபோல ஒலிக்கும். அவர்களும் நம்மைக் குழப்புவார்கள். “சரி, உங்களை விட்டுவிடுகிறேன்” என்ற பொருளில் “ஐ’ல் லெட் யூ கோ” என்பார்கள். நம்மவர் பெருந்தன்மையாக, “பரவாயில்லை, எனக்கு ஒன்றும் அவசரமில்லை” என்று பேச்சைத் தொடர்வார். போக வேண்டியது அந்தப் பக்கத்தவர்தான். அதைக் கேட்டதும் நன்றி சொல்லி முடித்துவிட வேண்டும்.

விடைபெறும்போது வரும் அழைப்புகளும் இப்படித்தான். “லெட்ஸ் டூ லஞ்ச் சம்டைம்” என்று அமெரிக்கர் சொன்னதை நம்பி வாரக்கணக்கில் காத்திருந்து, அவர்கள் மனசில் ஒன்றும் வாயில் ஒன்றும் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கொரியர்களும் பிரியும்போது, ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பார்த்த தூரத்து உறவினரிடம் “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்று நாம் சொல்வதும் அதேதான். அவர் மறுநாள் பெட்டியோடு வந்தால் நாமும் விழிப்போம். உண்மை அழைப்பென்றால் நாளும் நேரமும் இடமும் கூடவே வரும். உங்களுக்கு அவரோடு சாப்பிட உண்மையிலேயே விருப்பமிருந்தால், அவர் சொல்லி ஓரிரு நாளில் “வியாழன் பன்னிரண்டு மணிக்கு முடியுமா?” என்று நீங்களே எழுதுங்கள். வேறு நாள் சொன்னால் வருவார். வேலை அதிகம் என்று மட்டும் எழுதி வேறு நாள் சொல்லாவிட்டால் அது விடைபெறும் சொல்லாகவே இருந்திருக்கிறது. வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை.